முகத்தை மறைச்சாச்சு, குட்டிப் படத்தை?

மணமேல்குடிக்குப் பக்கத்துல ஒரு ஊர். டீக்கடையில நம்ம பெரியவருக்குத் தனிக் குவளை. அவர் குடிக்கிறதை நம்ம பையன் ஒருத்தன் கிட்டத்திலிருந்து படமெடுத்தான். பெரியவர் அந்த ஊர்க்காரங்க வயல்லதான் கூலிக்குப் போகிறார். முகம் வெளியே தெரிஞ்சா மறுநாள் வேலையும் இல்லை, தெருவில் நிம்மதியும் இல்லை. நான் கம்ப்யூட்டரில், கையிலிருந்த பழைய படத்திருத்த மென்பொருளை வைத்து, முகத்தில் கறுப்புக் கட்டம் போட்டு ஒரு பத்திரிகைத் தோழருக்கு அனுப்பினேன். அச்சுக்குத் தெளிவு வேணும்னு சொன்னதால வாட்ஸ்அப்பில் ‘டாக்குமெண்ட்’டாக.

அரை மணியில் போன். "தோழர், பெரியவர் முகம் தெரியுதே."

படத்தைத் திறந்தால் கறுப்புதான். ஆனால் திறக்கும் முன், கோப்புகளின் வரிசையில் வரும் குட்டிப் படத்தில் பெரியவர் முழுசா உட்கார்ந்திருக்கிறார்.

வங்கியில் வவுச்சரில் வெள்ளை மை பூசுகிறவனைப் பார்த்திருக்கிறேன். கீழே கார்பன் காப்பி இருப்பது அவனுக்கு ஞாபகம் வராது. அந்த ஆளாக நானே ஆகிப்போனேன்.

நடந்தது இதுதான். கேமரா படத்தை எழுதும்போதே கோப்பின் தலைமாட்டில் ‘எக்ஸிஃப்’ என்ற குறிப்பையும் எழுதுகிறது. தேதி, நேரம், கேமரா வகை, இருப்பிட வசதி திறந்திருந்தால் எடுத்த இடம், கூடவே பெரும்பாலும் 160க்கு 120 புள்ளியில் ஒரு சின்ன நகல். நல்ல மென்பொருள் திருத்தத்துக்குப் பிறகு அந்த நகலையும் புதுசாக்கும். சில மென்பொருள்கள் பழசை அப்படியே விட்டுவிடும். 160 புள்ளியில் என்ன தெரியும் என்று கேட்கலாம். வெளியாளுக்கு ஒன்றும் தெரியாது. தினம் பார்க்கிற ஊர்க்காரனுக்கு அதுவே அதிகம்.

முகத்தை மறைக்காமல் வெட்டி எறிந்தால் தீருமா? 2023இல் வெளிவந்த ‘அக்ரோபலிப்ஸ்’ என்ற ஓட்டை அதற்குப் பதில். கூகுள் பிக்சல் போனில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட், பழைய கோப்பின் மேலேயே எழுதப்பட்டது. புதுப் படம் சின்னது, பழைய கோப்பு பெரியது. மிச்சமான வாலை யாரும் நறுக்கவில்லை. அந்த வாலிலிருந்து வெட்டியதில் ஒரு பகுதியை மீட்க முடிந்தது. விண்டோஸின் வெட்டும் கருவியிலும் இதே கோளாறு. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் அனுப்பின படங்கள் அனுப்பினவைதான்.

சரி, என்ன செய்யணும்? முதலில் ‘எக்ஸிஃப்டூல்’ என்ற இலவசக் கருவியை வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்:

```
exiftool -a -G1 -s padam.jpg
exiftool -b -ThumbnailImage -w _kutti.jpg padam.jpg
```

இரண்டாவது வரி குட்டிப் படத்தை padam_kutti.jpg என்று தனியே எடுத்துத் தரும். அதைத் திறந்து பாருங்கள். பிறகு துடையுங்கள்:

```
exiftool -all= padam.jpg
```

இங்கே ஒரு பொறி. துடைத்ததும் பழைய கோப்பு padam.jpg_original என்ற பெயரில் பக்கத்திலேயே கிடக்கும். அவசரத்தில் அதையும் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள். படம் பக்கவாட்டில் திரும்பினால் பயப்பட வேண்டாம், திசைக் குறிப்பும் அழிந்திருக்கும். முதல் வரியை மறுபடி ஓட்டி ThumbnailImage, PreviewImage, GPS எதுவும் மிச்சமில்லை என்று உறுதி செய்யுங்கள்.

கம்ப்யூட்டர் இல்லாத தோழர்கள், கறுப்பு பூசிய படத்தைத் திரை முழுக்கத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்பலாம். அது புதுக் கோப்பு, பழைய குட்டிப் படம் அதில் வராது. வாட்ஸ்அப்பில் ‘போட்டோ’வாக அனுப்பினாலும் குறிப்புகள் போய்விடும், தெளிவு குறையும். ‘டாக்குமெண்ட்’ எதையும் தொடாது. ஐபோனில் ‘All Photos Data’ என்பதைத் தேர்ந்து பகிர்ந்தால் திருத்த வரலாறும் கூடவே போகும்.

மறைப்பதும் மறைப்பாக இருக்கணும். ஹைலைட்டர் பேனாவால் தீட்டிய கறுப்பு, வெளிச்சத்தைக் கூட்டினால் விலகிக்கொடுக்கும். மங்கலாக்கினால் ஆளை ஊகிக்கலாம். கெட்டிக் கறுப்புக் கட்டம் போடுங்கள். எந்தக் கருவியாலும் அழிக்க முடியாதது ஒன்று உண்டு. பெரியவரின் துண்டு, பின்னால் இருக்கும் சுவர், அதை நம்ம கண்தான் பார்க்கணும்.

இவ்வளவும் நகலுக்குத்தான். மூலத்தைத் தொடாதீர்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயல் விவகாரத்தில் ஆட்சியர் போனபோது, பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை பிடிபட்டு வழக்கானது. ஆட்சியர் வராத ஊர்களில் நம்ம படம்தான் சாட்சி. நீதிமன்றத்தில் அந்த மூலத்தின் தேதியும் இடமும் நமக்காகப் பேசும். 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. எடுத்த போனிலும் இன்னொரு இடத்திலும் மூலத்தை அப்படியே வையுங்கள்.

தோழர் அந்தக் கோப்பை அழித்துவிட்டார். நான் பெரியவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இனிமே பாத்து அனுப்புப்பா" என்றார்.