வயது விளிப்பைத் தீர்மானிக்கட்டும், நடையை அல்ல

பெங்களூரு பல நிறுவனங்களுக்குத் தலைமையிடம். அங்கு ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒரே மூலப்பிரதி தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று பிரிந்து செல்வது வழக்கம். 2020 ஜூனில் பிளிப்கார்ட் தன் செயலியில் இம்மூன்று மொழிகளையும் ஒரே நேரத்தில் சேர்த்தது. அதன்பின், திரையில் எழுதப்படும் தமிழும் விளம்பரத்தில் ஒலிக்கும் தமிழும் எந்த நடையில் அமைய வேண்டும் என்ற கேள்வி இந்நகரில் அன்றாட அலுவலாகவே ஆகிவிட்டது. இதற்குப் பொதுவாகக் கையாளப்படும் விதி எளிமையானது: முதியவர்க்கும் மதிப்புமிக்க பொருளுக்கும் எழுத்துத் தமிழ், இளையவர்க்கும் தின்பண்டம் போன்ற சிறு பொருளுக்கும் பேச்சுத் தமிழ். இவ்விதி, தமிழில் தனித்தனியே இயங்கும் இரண்டு அளவுகோல்களை ஒன்றாக்கிக் குழப்புகிறது.

அவற்றுள் ஒன்று மரியாதை, மற்றொன்று வழக்கு. ‘வா’, ‘வாருங்கள்’ இரண்டும் எழுத்து வழக்கைச் சேர்ந்தவை. முன்னதில் மரியாதை இல்லை, பின்னதில் உண்டு. ‘வாடா’, ‘வாங்க’ இரண்டும் பேச்சு வழக்கைச் சேர்ந்தவை. அங்கும் அதே வேறுபாடு நிலவுகிறது. ஆகவே பேச்சுத் தமிழில் எழுதுவது மரியாதைக் குறைவு என்ற அச்சத்துக்கு இலக்கண அடிப்படை இல்லை. எழுபது வயது மூதாட்டியை அவருடைய பேரன் ‘சாப்பிடுங்க பாட்டி’ என்றுதான் அழைக்கிறான். ‘உண்ணுங்கள்’ என்று சொன்னால் மரியாதை கூடாது, அந்நியம்தான் கூடும். கேட்பவரின் வயது விளிப்பைத் தீர்மானிக்கிறது. அவர் நீயா, நீங்களா, பாட்டியா, குட்டியா என்பது அதைப் பொறுத்தது. வழக்கைத் தீர்மானிப்பவை வேறு: வாக்கியம் காதுக்கா, கண்ணுக்கா என்பதும், அவ்வாக்கியம் என்ன வேலை செய்கிறது என்பதும்.

முதியோர் எழுத்துத் தமிழையே விரும்புவர் என்ற கருத்தும் ஆராய்ந்து ஏற்கத்தக்கதன்று. 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’யின் அடுக்குமொழி வசனங்களைக் கேட்டு வளர்ந்தோர் உண்டு. ஆனால் கிராமத்துப் பேச்சை அப்படியே திரைக்குக் கொண்டுவந்த ‘16 வயதினிலே’ 1977இல் வெளியானது. அதை இருபது வயதில் பார்த்தவர்கள் இன்று எழுபதை ஒட்டியவர்கள். ஒலி ஊடகத்தில் பேச்சுத் தமிழ் அவர்களுக்குப் புதிதன்று.

பெங்களூருவில் நிலைமை மேலும் சிக்கலானது. 1959இல் சார்லஸ் பெர்குசன் இரட்டை வழக்கு மொழிகளைப் பற்றி எழுதியபோது சுட்டிய ஓர் இயல்பு இங்கு கைகொடுக்கும்: தாழ் வழக்கைக் குழந்தை வீட்டில் பெறுகிறது, உயர் வழக்கைப் பள்ளியில் கற்கிறது. தமிழ்ப் பள்ளி இல்லையேல் உயர் வழக்கும் இல்லை. இந்நகரில் கன்னட, ஆங்கில வழியில் படித்து வளரும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டுத் தமிழ் மட்டுமே உண்டு. அவர்களுக்கு ‘அருந்தவும்’ என்பது உயர்ந்த சொல் அன்று, புரியாத சொல். தமிழ்நாட்டில் பள்ளிக்கே செல்லாத முதியவரின் நிலையும் இதுவே. இருபது வயது இளைஞரும் எழுபது வயது முதியவரும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள் என்றால், அங்கு வேறுபாட்டை உண்டாக்குவது வயது அன்று, பள்ளிப்படிப்பு.

ஒரு பொருளை வைத்து இதைச் சோதிக்கலாம். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி நோயாளிக் குழந்தைக்கு உரியது. அதைக் கரைப்பவரோ தாயாகவோ பாட்டியாகவோ இருப்பார். ஒரு லிட்டர் நீருக்கு உரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். நீர் குறைந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கேடாகும். நீர் கூடினால் பயன் குறையும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். வழக்கமான விதிப்படி, மருத்துவப் பொருள் என்பதால் ஒலிப்பிரதி இப்படி அமையும்: ‘ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து ஆறவைக்கவும். பொட்டலம் முழுவதையும் அதில் கரைக்கவும்.’

பொட்டலத்தின் மேல் அச்சிட இது நல்ல தமிழ். காதுக்கு இதில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, ‘-வும்’ என்ற ஏவல் யாரையும் முகம்பார்த்துப் பேசுவதில்லை. அறிவிப்புப் பலகையின் மொழி அது. இரண்டாவது, அதே வடிவம் ‘அதற்கும் இதற்கும்’ என்ற பொருளிலும் வரும். ‘ஆறிய நீரைப் பொடி கரைக்கவும் குடிக்கவும் பயன்படுத்தவும்’ என்ற வாக்கியத்தில் முதல் இரண்டும் நோக்கத்தைச் சொல்கின்றன, மூன்றாவது மட்டுமே ஏவல். கண் பின்னோக்கிச் சென்று திருத்திக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி இல்லை.

அதே செய்தியைப் பேச்சு வழக்கில், மரியாதை குறையாமல் இவ்வாறு எழுதலாம்: ‘ஒரு லிட்டர் தண்ணிய நல்லா கொதிக்க வெச்சு ஆற விடுங்க. பாக்கெட்ல இருக்கற பொடி மொத்தத்தையும் அதுல போட்டுக் கலக்குங்க. 24 மணி நேரத்துக்குள்ள குடுத்து முடிச்சிருங்க.’ ஏவல் யாருக்கு என்பதும், எதை முழுவதுமாகப் போடுவது என்பதும் இங்கு ஐயமின்றித் தெரிகின்றன. திரையின் கீழ் ஓடும் எழுத்து ‘கரைக்கவும்’ என்றே இருக்கலாம். இரண்டும் ஒருங்கே நிற்பதில் முரண்பாடு இல்லை.

நடைமுறையில் பிழை பெரும்பாலும் நடுவழியில் நேர்கிறது. எழுதுபவர் எழுத்துத் தமிழில் எழுதிவிட்டு, ‘கொஞ்சம் பேச்சுவாக்கில் சொல்லுங்கள்’ என்று குரல்கலைஞரிடம் விட்டுவிடுகிறார். அவர் ஈற்றெழுத்தை மட்டும் விழுங்குகிறார். ‘வாருங்கள்’ என்பது ‘வாருங்க’ ஆகிறது. ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பது ‘எடுத்துக்கொள்ளுங்க’ ஆகிறது. தமிழர் சொல்வது ‘வாங்க’, ‘எடுத்துக்கங்க’ என்பவை. ஈறு பேச்சிலும் பகுதி எழுத்திலும் நிற்கும் இந்த அரைவடிவங்களே மொழிபெயர்த்த விளம்பரத்தைக் காட்டிக்கொடுப்பவை. கண்டறியும் வழி எளிது: பிரதியின் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றையும் வீட்டில் யாரிடமாவது சொல்ல இயலுமா என்று பார்க்க வேண்டும். பேச்சு வடிவத்தைப் பிரதியிலேயே எழுத்துக்கூட்டித் தருவது எழுதுபவரின் கடமை.

எந்தப் பேச்சுத் தமிழ் என்ற மறுப்பு நியாயமானது. கோவையும் நெல்லையும் ஒன்றுபோல் பேசுவதில்லை. எனினும் வெவ்வேறு வட்டாரத்தவர் தமக்குள் பேசும்போது கையாளும் பொதுப் பேச்சு ஒன்று திரைப்படத்தாலும் வானொலியாலும் உருவாகியிருக்கிறது. ஹெரால்டு ஷிஃப்மன் 1999இல் வெளியிட்ட பேச்சுத் தமிழ் இலக்கணம் அத்தகைய பொதுப் பேச்சையே விவரிக்கிறது. வட்டார மணம் கதைமாந்தருக்குப் பொருந்தும். செயல்முறை விளக்கத்துக்குப் பொதுப் பேச்சே போதும்.

எழுத்துத் தமிழுக்கு உரிய இடங்களும் உண்டு. பங்கு முதலீட்டின் சட்டபூர்வ எச்சரிக்கை, உத்தரவாத விதிகள், பொட்டலத்தின் அச்சு ஆகியவை யார் வாயிலிருந்தும் வருவன அல்ல, ஆவணமாக நிற்பவை. அங்கு பேச்சு வழக்கைப் புகுத்தினால் பொறுப்பு மங்கும். ஆகவே ஒரே அரை நிமிடப் பிரதியில் இரு வழக்குகளும் இடம்பெறலாம். வாக்கியந்தோறும் கேட்க வேண்டியது ‘இது எந்த வயதினருக்கு?’ என்பது மட்டுமன்று. ‘இதைப் பேசுபவர் ஒரு மனிதரா, ஓர் ஆவணமா?’ என்பதே முதற்கேள்வி.