கடைக் கண்ணாடியில் ஒட்டிய காகிதம்

 

2025 அக்டோபர் மாதத்தில் ஒரு மாலை வேளை. இராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடிப் பலகையில் புதிதாக ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு மருந்தின் பெயர், ஓர் எண், அதன்கீழ், “மேற்படி பேட்ச் தரமற்றது என அறியப்படுவதால் விற்பனை நிறுத்தி வைக்கப்படுகிறது” என்ற ஒரே வரி. வயதில் மூத்த ஓர் அம்மையார் அதனை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கடைக்காரரிடம் கேட்டார்: “தம்பி, பத்து நாளைக்கு முன்னே இங்கேதானே பேத்திக்கு இருமல் மருந்து வாங்கிப் போனேன். அது இதுதானா? புள்ளை ரெண்டு நாள் குடிச்சிருச்சே!”

பேத்தி இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில், மகள் வீட்டில். புட்டியும் அங்கேதான். கடைக்காரர் நல்லவர். “அம்மா, மகளுக்குப் போன் போடுங்க, லேபிளைப் படிக்கச் சொல்லுங்க” என்றார். மகள் படிக்க, அம்மையார் சொல்ல, கடைக்காரர் ஒப்பிட்டார். பெயர் வேறு, நிறுவனம் வேறு. “அல்ஹம்துலில்லாஹ்” என்று அம்மையார் பெஞ்சில் அமர்ந்துவிட்டார். ஆனால் அந்தக் கடைக்காரர் அங்கே இல்லாதிருந்தால், அந்த ஒற்றை வரி அவருக்கு என்ன சொல்லியிருக்கும்? விற்பனையை நிறுத்தியதைச் சொல்லியிருக்கும். விற்று முடிந்து, பன்னிரண்டு கிலோமீட்டர் அப்பால் ஒரு வீட்டு அலமாரியில் இருக்கும் புட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்காது.

அந்நாளில் நாடெங்கும் பேசப்பட்ட மருந்து கோல்ட்ரிஃப். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரேசன் பார்மா என்னும் நிறுவனம் தயாரித்த இருமல், சளி மருந்து. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சிறு குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். இறந்தோர் எண்ணிக்கை இருபதையும் கடந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் தொழிற்சாலையில் எடுத்த SR-13 பேட்ச் மாதிரியைச் சோதித்தபோது, அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு இருப்பது தெரிந்தது. இது இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லை 0.1 சதவீதமே. தொழிற்சாலைகளில் பயன்படும் இந்தத் திரவம் இனிப்பானது, நிறமற்றது. ஆகவே சுவைத்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க இயலாது.

இதே நஞ்சு, இதேபோன்றதொரு பாகு மருந்தாக, 1937-இல் அமெரிக்காவில் 105 உயிர்களைக் குடித்தது. அவர்களுள் 34 பேர் குழந்தைகள். டென்னசி மாநிலத்தின் மாசெங்கில் நிறுவனம் தயாரித்த ‘எலிக்சிர் சல்ஃபனிலமைடு’ என்பது அம்மருந்தின் பெயர். அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சிதான் இந்த மாதம் நான் உங்களிடம் சொல்ல வந்தது.

சாவுகள் நிகழ்கின்றன என்று அறிந்ததும் அந்நிறுவனம் மருத்துவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் தன் விற்பனையாளர்களுக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தந்திகளை அனுப்பியது. மருந்தைத் திருப்பி அனுப்புங்கள் என்பதே செய்தி. ஏன் என்பது அதில் இல்லை. உயிருக்கு ஆபத்து என்பதும் இல்லை. அரசின் உணவு, மருந்து நிர்வாகத்தினர் இதனைக் கண்டு, இந்த வாசகம் போதாது, மறுபடி எழுதுங்கள் என வற்புறுத்தினர். இரண்டாம் தந்தி புறப்பட்டது. நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டதையும் உடனே திரும்பப் பெறுங்கள், இது உயிருக்கு ஆபத்தாகலாம், கையிருப்பு அனைத்தையும் எங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள் என்று அது கூறியது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முதல் தந்தி கடையின் அலமாரியை மட்டுமே நோக்கியது. இரண்டாவது, நோயாளியின் வீட்டை நோக்கியது. முதலாவதைப் படித்த கடைக்காரர், “மாத முடிவில் மூட்டை கட்டலாம்” என்று இருந்துவிடலாம். இரண்டாவதைப் படித்தவர் அன்றிரவே தம் கணக்குப் புத்தகத்தைப் புரட்டியாக வேண்டும். செலவு யாருடையது என்ற தயக்கத்தையும் அதுவே தீர்த்துவிட்டது. பின்னர் அரசு ஆய்வாளர்கள் விற்பனைச் சீட்டுகளைக் கொண்டு வீடு வீடாகத் தேடினர். தயாரித்த 240 கேலனில் 234 கேலனுக்குச் சற்று மேல் மீட்கப்பட்டது. மீதம் ஏறத்தாழ 22 லிட்டர். அத்தனை உயிர்களும் போனது அந்த மீதத்தால்தான்.

ஆகவே, திரும்பப் பெறும் அறிவிப்பு என்பது நிறுவனம் தன் மானத்தைக் காக்க எழுதும் கடிதமன்று. “தவிர்க்க இயலாத காரணங்களால்”, “முன்னெச்சரிக்கையாக”, “சிறு தரக்குறைபாடு” என்னும் சொற்களைப் படிப்பவர், அவசரம் ஏதுமில்லை என்றே கொள்வார். மாறாக, “கொலைகார மருந்து! எச்சரிக்கை!” என்று அலறினாலும் கேடே. அச்சத்தில் ஒரு தாய், பிள்ளையின் வலிப்பு மருந்தையும் ஆஸ்துமா மருந்தையும் சேர்த்துக் குப்பையில் கொட்டிவிடுவார். இவ்விரண்டுக்கும் நடுவே, உள்ளதை உள்ளபடி, தாழ்ந்த குரலில் சொல்லும் வாசகம் வேண்டும். அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக, அன்று அக்கண்ணாடியில் எப்படி எழுதியிருக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன்:

கோல்ட்ரிஃப் இருமல் மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

எந்த மருந்து: கோல்ட்ரிஃப். தயாரிப்பு, ஸ்ரேசன் பார்மா, காஞ்சிபுரம் மாவட்டம். பேட்ச் எண் SR-13. தயாரித்தது 2025 மே. காலாவதி 2027 ஏப்ரல்.

ஏன்: அரசின் சோதனையில் இந்தப் பேட்சில் நஞ்சு இருப்பது தெரிந்துள்ளது. அது சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைப் பறிக்கக்கூடியது. காலாவதி ஆகவில்லை என்பதால் பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம்.

வீட்டில் இருந்தால்: இனி ஒரு சொட்டும் கொடுக்க வேண்டாம். பேட்ச் எண் அழிந்திருந்தாலும், வேறு எண்ணாக இருந்தாலும் கொடுக்க வேண்டாம். இம்மருந்தின் விற்பனையையே தமிழக அரசு தடை செய்துள்ளது.

குழந்தை குடித்திருந்தால்: நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் இன்றே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். எப்போது, எத்தனை முறை கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். வாந்தி, வயிற்றுவலி, மயக்கம், சிறுநீர் குறைதல் அல்லது நின்றுபோதல் கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். வீட்டு வைத்தியம் செய்து நேரத்தை இழக்க வேண்டாம்.

புட்டியை: கொட்டவோ எறியவோ வேண்டாம். மூடி, பையில் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, எங்களிடம் கொண்டுவாருங்கள். பாதி தீர்ந்திருந்தாலும், பில் இல்லாவிட்டாலும் வாங்கிக்கொண்டு பணம் தருவோம்.

மருத்துவர் எழுதிய மற்ற மருந்துகளை நிறுத்த வேண்டாம். ஐயம் இருந்தால் 104-ஐ அழைத்துக் கேளுங்கள்.

எங்கள் கடையில் இந்தப் பேட்சில் விற்றவை: ..... புட்டிகள். திரும்பி வந்தவை: .....

இவ்வளவுதான். இதில் சில வரிகளுக்கு மட்டும் காரணம் சொல்கிறேன்.

காலாவதி பற்றிய வரி ஏன்? நாம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருப்பது தேதியைப் பார்க்கும் பழக்கம். இந்தப் புட்டியிலோ தேதி நன்றாகவே இருக்கிறது. அந்த நல்ல பழக்கமே இங்கே நம்மை ஏமாற்றிவிடும். ஆகவே அதை அறிவிப்பே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்.

“நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும்” என்பது ஏன்? இந்த நஞ்சு முதலில் வாந்தி, வயிற்றுவலி என்று சாதாரண வயிற்றுக்கோளாறு போலவே தோன்றும். சிறுநீரகம் கெடுவது ஓரிரு நாள் கழித்துத்தான் வெளிப்படும். சிறுநீர் நின்றபின் கொண்டுவரும் குழந்தையைக் காப்பது மிகக் கடினம். எனவே அறிகுறிக்காகக் காத்திருங்கள் என்று எழுதுவது பெரும் பிழை.

புட்டியை எறியாதே என்பது ஏன்? எந்த நஞ்சு என்று மருத்துவருக்கு விரைவில் தெரிவிக்கும் சாட்சி அதுவே. வாய்க்காலில் ஊற்றினாலோ, குப்பையில் போட்டாலோ, அதை வேறொரு பிள்ளை எடுத்துவிடலாம். மேலும், திரும்பி வந்ததை எண்ணினால்தான் இன்னும் எத்தனை வெளியே உள்ளன என்பது தெரியும்.

அதனால்தான் கடைசி வரியை வெற்றிடமாக விட்டேன். கடைக்காரர் பலருக்கு எழுதக் கூச்சம் தரும் வரி அதுதான். “நாங்கள் விற்றோம்” என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே! அன்று அந்தக் கடைக்காரரிடம் இதைக் காட்டினேன். படித்துவிட்டு, “பாய், எங்க கடைக்கு அந்தச் சரக்கு வரவே இல்லை. அதையும் எழுதலாமா?” என்றார். தாராளமாக எழுதலாம் என்றேன். “விற்றவை: இல்லை” என்று எழுதினார். அந்த அம்மையார் கேட்ட கேள்விக்கு அந்த ஒரு சொல்லே விடை.

பிறகு, 2025 அக்டோபரிலேயே அந்நிறுவனத்தின் உரிமம் முற்றாக ரத்து செய்யப்பட்டது. நிறுவனம் மூடப்பட்டுவிட்டால் திரும்பப் பெறுவோர் யார் என்று கேட்கலாம். கடைகளும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும்தான். உங்கள் வீட்டில் அத்தகைய புட்டி கிடந்தால் மேலே சொன்னபடியே செய்யுங்கள். கூடவே மற்றொன்று: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ வழங்கவோ கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் அதே மாதம் அறிவுறுத்தியது.

எவ்வளவு தெளிவாக எழுதினாலும், காகிதம் கடைக்கு வருவோரின் கண்ணில் மட்டுமே படும். இராஜபாளையத்தில் இரவு ஷிப்ட்டுக்கு ஆலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு மருந்து ஊற்றுவது எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியாராக இருக்கலாம். அவருக்கு இந்த அறிவிப்பை யாரேனும் வாய்விட்டுப் படித்துக் காட்டத்தான் வேண்டும். ஜும்ஆவுக்குப்பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒருமுறை, மதரஸாவில் பிள்ளையை விட வரும் தாய்மார்களிடம் ஒருமுறை. அப்படி உரக்கப் படிக்கும்போது தடுக்காமல் செல்கிறதா என்று பாருங்கள். தடுக்கும் இடத்தில் எழுதியவர் எதையோ மறைத்திருப்பார், அல்லது அவருக்கே அது விளங்கியிருக்காது.