ஓரம் நேராக இருக்கிறது, நடுவில்தான் ஓட்டை!

தமிழ்மொழிக் கழக இதழ்கள், ஆண்டு மலர்கள், மூன்றாக மடித்த துண்டறிக்கைகள் என மாணவர்களாகிய நாம் தயாரிக்கும் எதை எடுத்தாலும் ஒரு குறை கண்ணில் படுகிறது. பத்தியின் இரு ஓரங்களும் நேராக நிற்கின்றன. உள்ளேயோ ஒரு வரியில் சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, அடுத்த வரியில் இரண்டே சொற்கள் எதிரெதிர் ஓரங்களில் ஒதுங்கி நிற்கின்றன. எங்கள் கல்லூரி இதழைப் பக்கம் அமைப்பவர்களில் நானும் ஒருவன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குறுகிய பத்தியில் தமிழை இருபுறமும் நேராக்க வேண்டுமானால், சொற்களை வரி முடிவில் உடைக்க வேண்டும். உடைக்க மனமில்லையென்றால், வலப்பக்கத்தை நேராக்காமல் விட்டுவிட வேண்டும்.

ஏன் என்பதை ஒரு வாக்கியத்தை வைத்தே பார்ப்போம்.

"பள்ளி விடுமுறையில் நடைபெற்ற தமிழ் முகாமில் கலந்துகொண்டவர்களுக்குச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன."

பத்தியின் அகலம் 18 எழுத்து என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், சொல் இடைவெளிக்கும் அதே அகலம் என்று கொள்வோம். சொல்லை உடைக்காமல் நிரப்பினால் வரிகள் இப்படி அமையும்:

பள்ளி விடுமுறையில் நடைபெற்ற
தமிழ் முகாமில்
கலந்துகொண்டவர்களுக்குச்
சான்றிதழ்கள் வழங்கப்பட்டன.

முதல் வரியில் 16 எழுத்து இடம் நிரம்பிவிட்டது. மீதி 2. அதை இரண்டு இடைவெளிகளுக்குப் பங்கிட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டாவது வரியில்தான் சிக்கல். "தமிழ் முகாமில்" என்பதற்கு 8 எழுத்து இடம் போதும். அடுத்த சொல்லுக்கோ 14 எழுத்துகள். அது அந்த வரியில் நுழையாது. மீதமுள்ள 10 எழுத்து இடத்தை எங்கே வைப்பது? வரியில் இருப்பது ஒரே ஓர் இடைவெளி. Ctrl + J அழுத்தியதும் கணினி அந்தப் பத்தையும் அங்கேயே கொட்டிவிடுகிறது. "தமிழ்" இடது ஓரத்தில், "முகாமில்" வலது ஓரத்தில், நடுவே 11 எழுத்து அகலத்தில் வெறும் வெள்ளை. மூன்றாவது வரியில் ஒரே சொல் என்பதால் இழுக்க இடைவெளியே இல்லை. அந்த வரி ஓரத்தைத் தொடாமலேயே நின்றுவிடுகிறது.

இதில் இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. எவ்வளவு இடம் மிஞ்சும் என்பது அடுத்து வரும் சொல்லின் நீளத்தைப் பொறுத்தது. மிஞ்சியதைப் பங்கிட எத்தனை இடைவெளி கிடைக்கும் என்பது பத்தியின் அகலத்தைப் பொறுத்தது. அகலத்தை 36 எழுத்தாக இரட்டித்தால், "முகாமில்" வரை ஐந்து சொற்கள் முதல் வரியிலேயே அடங்கும். அப்போதும் 11 எழுத்து இடம் மிஞ்சும். ஆனால் பங்கிட நான்கு இடைவெளிகள் இருப்பதால் ஒவ்வொன்றும் நான்கு எழுத்து அகலத்துக்குள் அடங்கிவிடும். அழகில்லைதான், ஆனாலும் ஓட்டை என்று சொல்ல முடியாது.

தமிழுக்கு இது ஏன் கூடுதலாக உறைக்கிறது? நம் மொழியில் வேற்றுமை உருபும் பன்மை விகுதியும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. "கலந்துகொண்டவர்களுக்கு" என்ற ஒரு சொல்லின் பொருளைச் சொல்ல ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்கள் வேண்டும். அத்தனை சொற்களுக்கு நடுவே இடைவெளிகளும் கிடைக்கும். நம் ஊரில் பன்மொழித் துண்டறிக்கைகளைப் பெரும்பாலும் வேறு மொழிக்கு வடிவமைத்துவிட்டு, அதே பத்தி அகலத்தில் தமிழ் மொழிபெயர்ப்பைக் கடைசியில் கொட்டுகிறார்கள். அப்போது தமிழ்ப் பகுதி மட்டும் பல் விழுந்த வாய்போல் தெரிவதற்குக் காரணம் மொழி அல்ல, அந்த அகலம்.

"நாளிதழ்களும் குறுகிய பத்திதானே, அவை நேராக இருக்கின்றனவே?" என்று கேட்கலாம். நாளிதழைச் சற்று உற்றுப் பாருங்கள். வரி முடிவில் சொற்கள் உடைந்திருக்கும். பெரும்பாலும் இணைப்புக்கோடுகூட இருக்காது. நம் வாக்கியத்தையும் அப்படி உடைத்தால்:

பள்ளி விடுமுறையில் நடைபெற்ற
தமிழ் முகாமில் கலந்துகொண்டவர்
களுக்குச் சான்றிதழ்கள் வழங்
கப்பட்டன.

இரண்டாவது வரி சரியாக 18 எழுத்து. 11 எழுத்து ஓட்டை ஓர் எழுத்து இடைவெளியாகச் சுருங்கிவிட்டது. மூன்றாவது வரியைக் கவனியுங்கள். "வழங்க" வரை அங்கே இடம் இருந்தது. ஆனால் அப்படி உடைத்தால் அடுத்த வரி "ப்பட்டன" என்று புள்ளி எழுத்தில் தொடங்கும். தமிழில் வரியை மெய்யெழுத்தில் தொடங்கக்கூடாது. அதனால் ஓர் எழுத்து முன்னதாகவே நிறுத்தினேன். அதுபோல், ஓர் எழுத்தை மட்டும் தனியாக விட்டும் உடைக்கக்கூடாது. முதல் வரியின் மீதி இடத்தில் "த" மட்டும் நுழையும் என்பதற்காகத் "தமிழ்" என்ற சொல்லை உடைக்காததற்கு அதுவே காரணம்.

உடைப்பதற்குச் சரியான கருவியும் வேண்டும். பலர் ஓட்டையை அடைக்கச் சொல்லின் நடுவே இடைவெளிப் பொத்தானைத் தட்டிவிடுகிறார்கள். அச்சில் அந்த வரி அழகாகிவிடும். பிறகு யாரோ மேலே ஒரு சொல்லைத் திருத்துவார்கள், வரிகள் நகரும். "கலந்துகொண்டவர் களுக்கு" என்று வரியின் நடுவிலேயே அந்தப் பிளவு வெளிப்படும். கோப்பில் அந்தச் சொல்லைத் தேடினால் அகப்படாது. படிக்கும் தம்பி தங்கைகளோ "களுக்கு" என்று தனிச்சொல் ஒன்று இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். ஓர் ஓட்டையை மறைக்கப்போய் எழுத்துப்பிழையை விதைப்பது சரியா? மைக்ரோசாப்ட் வேர்டில் இதற்கென்றே Ctrl + - இருக்கிறது. அது போடும் குறி வரி முடிவில் மட்டுமே இணைப்புக்கோடாகத் தெரியும்; வரிகள் நகர்ந்தால் மறைந்துவிடும். இணையப் பக்கத்தில் ­ இதே வேலையைச் செய்யும்.

எல்லாவற்றையும் உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தலைப்பு, ஆள்பெயர், கவிதை வரி ஆகியவற்றை உடைப்பது அழகல்ல. ஆரம்பப்பள்ளிப் பயிற்சித்தாளில் உடைப்பதோ தீங்கு. அங்கே பிள்ளைகளுக்கு முழுச்சொல்லின் உருவம் தெரிய வேண்டும். இத்தகைய இடங்களில் Ctrl + L அழுத்தி இடப்பக்கம் மட்டும் நேராக்குங்கள். அந்த 10 எழுத்து வெற்றிடம் அப்போதும் இருக்கும். ஆனால் அது வரியின் முடிவில் இருக்கும்; கண் அதைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. இரண்டு சொற்களுக்கு நடுவே இருந்தால்தான் வாசிப்பு இடறுகிறது.

அச்சுக்கு அனுப்புமுன் நான் செய்யும் சோதனை எளிது. பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பேன். எழுத்துகளைப் படிக்க முடியாதபோது வெள்ளை மட்டும் கண்ணில் படும். அடுத்தடுத்த வரிகளின் இடைவெளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்து ஆறுபோல் ஓடினால், அந்தப் பத்தியில் சொல்லை உடைக்க வேண்டும் அல்லது வலது ஓரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். "நேராக இருந்தால்தான் நேர்த்தி" என்று பக்க அமைப்பாளர் பிடிவாதம் பிடித்தால், அந்தத் தலைகீழ்ப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.