பீரோவும் பித்தாகோரசும்

பிரெஞ்சில் 'பீரோ' என்றால் மேசை, அல்லது அலுவலகம். புதுச்சேரியில் முப்பது வருஷத்துக்கு மேல் 'பீரோ'வில் குப்பை கொட்டிய என்னை, ஓய்வுக்குப் பிறகு ஒரு துணி பீரோ முட்டாளாக்கிய கதை இது.

போன வருஷம் மூன்றாம் மாடி ஃபிளாட்டுக்குக் குடி வந்தோம். மனைவி ஆசைப்பட்டபடி ஒரே பெட்டியாகச் செய்த மர பீரோ ஒன்றை ஆர்டர் செய்தேன். உயரம் 230 செ.மீ., ஆழம் 60. படுக்கையறையில் ஃபால்ஸ் சீலிங் வரை 235. ஐந்து சென்டிமீட்டர் மிச்சம் என்று நிம்மதியாகப் பணம் கட்டினேன்.

லிஃப்ட் கதவின் உயரம் 200தான். அதை நான் அளக்கவே இல்லை. நான்கு பேர் படியில் தூக்கி வந்தார்கள். அதற்குத் தனிக் கூலி. அறைக்கதவு 210 என்பதால் படுக்க வைத்தே உள்ளே கொண்டுவந்தார்கள். நிமிர்த்தும்போது மேல் முனை சீலிங்கில் இடித்தது. திருப்பிப் பார்த்தார்கள், பயனில்லை.

அப்போதுதான் பள்ளிக்கூடத்து 'இப்போத்தெனூஸ்' நினைவுக்கு வந்தது. சாய்ந்து எழும் பீரோவுக்கு வேண்டியது அதன் உயரம் மட்டுமல்ல, பக்கவாட்டின் மூலைவிட்டம். 230-ஐயும் 60-ஐயும் தனித்தனியே வர்க்கம் செய்து கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் கிட்டத்தட்ட 238. சீலிங்கோ 235. மூன்று சென்டிமீட்டரில் தோற்றேன். பதின்மூன்று வயதில் தெரிந்த கணக்கு எழுபதைத் தாண்டியதும் மறந்துபோயிற்று!

கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆனால் பொருளில் குறை இல்லை என்று போக்குவரத்துச் செலவைப் பிடித்துக்கொண்டார். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் நிமிர்த்தத் தேவையான உயரத்தை அவரும் எழுதிக் காட்டியிருக்கலாம் அல்லவா? மர பீரோ விற்பவர்கள் எல்லோருமே இந்த ஓர் எண்ணைச் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் கட்சி.

அதுவரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தெருக்கதவிலிருந்து அறை வரை, பொருள் வரும் வழியிலேயே டேப்போடு நடந்து பாருங்கள். கதவை நிலைச்சட்டத்தில் அளக்காதீர்கள். கதவைத் திறந்து வைத்து, கைப்பிடி நீங்கலாக, நிஜமாக எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். லிஃப்டில் கதவின் உயரம், அகலம், உள்ளே ஆழம் மூன்றும் வேண்டும். சோபா என்றால் கால்கள் கழலுமா என்று கேளுங்கள். பத்து சென்டிமீட்டர் குறைந்தாலே சில கதவுகள் வழி விட்டுவிடும். பொருள் வந்ததும், உள்ளே போகும் என்று தெரியும்வரை உறையைப் பிரிக்காதீர்கள். பிரித்த பிறகு திருப்பித் தருவது கடினம். சுருட்டி வரும் ஃபோம் மெத்தை விரிந்துவிட்டால் மறுபடி பழையபடி சுருட்டுவது மிகக் கடினம்.

இப்போது எங்கள் அறையில் நிற்பது பலகைகளாக வந்து, நிற்க வைத்தே முடுக்கிய பீரோ. லிஃப்டிலேயே வந்தது. மனைவிக்கு அதன் நிறம் பிடிக்கவில்லை. அதற்குப் பித்தாகோரஸ் என்ன செய்வார்?