பவர் இருந்தும் பணம் தராதது ஏன்?

2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் வெளிநாடு போனவர் குடும்பங்கள் ராபர்ட்சன்பேட்டையில் உண்டு. பவர் பத்திரத்தோடு போன மனைவியை வங்கி திருப்பி அனுப்பினால் "கட்டியவளுக்கே உரிமையில்லையா?" என்று கொதிக்கிறோம். வங்கி உறவைப் பார்ப்பதில்லை, பத்திரத்தின் வரிகளையே பார்க்கிறது.

கணவர் துபாயில் இருந்தால், வங்கியின் படிவத்திலேயே கணக்கு எண்ணோடு எழுதி, இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பட்டும். பத்திரம் இங்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். "பணம் எடுக்கலாம்" என்ற வரியைக் காட்டிக் கடன் வாங்க முடியாது.

என்.ஆர்.இ. கணக்கிலிருந்து மனைவி பள்ளிக் கட்டணம், வீட்டுச் செலவுக்கு எடுக்கலாம். கொழுந்தனுக்கு அன்பளிப்பாகத் தர முடியாது. வெளிநாட்டுக்கு அனுப்பினால் கணவருக்கே அனுப்பலாம். புதுக் கணக்கும் தொடங்க இயலாது. இவை ரிசர்வ் வங்கி விதிகள்.

கணவர் இறந்தால் அந்த நொடியே பவர் செத்துவிடும். அதற்குப்பின் பணம் எடுப்பது குற்றமாகலாம். ஆகவே நாமினி பெயரைத் தனியே பதியுங்கள்.

விதியை ஏற்கிறோம். ஆனால் மறுப்பதை வாய்மொழியாகச் சொல்லி அலைக்கழிப்பதை ஏற்கமாட்டோம். எந்த வரி குறைகிறது என்று எழுதித் தரட்டும். படிவம் தமிழிலும் கிடைக்கட்டும்!