புதிர்வழியில் வளையம் இருந்தால்?

மிகக் குறுகிய வழி காண ஆழத் தேடலே போதும், அகலத் தேடல் வீண் சுமை என்கிறார் நண்பர். சோதித்த எல்லாப் புதிர்வழிகளிலும் சரியான விடை வந்ததாம். வந்திருக்கும். அவற்றில் வளையமே இல்லையென்றால் இரு அறைகளுக்கு இடையே ஒரே ஒரு பாதைதான். எந்தத் தேடலும் அதைத்தான் கண்டுபிடிக்கும்.

ஒரு வளையம் வைத்துப் பார்க்கட்டும். க–ச, ச–ட, க–ட, ட–த என நான்கு இணைப்புகள். க-விலிருந்து த-வுக்குப் போக வேண்டும். ஆழத் தேடல் முதலில் ச பக்கம் திரும்பினால் க, ச, ட, த என்று 3 அடி. பின்வாங்கி க-வுக்கு வந்து ட-வைப் பார்க்கும்போது, அது ஏற்கெனவே 'பார்த்தாயிற்று' என்று குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே க, ட, த என்ற 2 அடிப் பாதை கண்ணிலேயே படாது.

பின்வாங்கும்போது குறியை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்பார். ஆகும், விலையையும் சொல்ல வேண்டாமா? சுவரே இல்லாத 7×7 கட்டத்தில் மூலைக்கு மூலை, கட்டம் திரும்ப மிதிக்காத பாதைகள் 57,57,80,564. அகலத் தேடலோ 49 கட்டங்களையும் தலா ஒருமுறை தொட்டு முடித்துவிடும். 1 அடியில் எட்டுபவை எல்லாம் முடிந்த பிறகே 2 அடிக்காரர்களைத் தொடுவதால், இலக்கு முதன்முதலில் எட்டப்படும் அடியே குறைந்தபட்சம்.

அகலத் தேடலின் வரிசைக்கு நினைவகம் தேவை என்ற குறை மட்டும் நியாயமானது. அதற்கு மருந்து, ஆழ வரம்பை ஒவ்வோர் அடியாக உயர்த்தித் தேடுவது. வரம்பில்லாத ஆழத் தேடல் அல்ல.