ஆறுதல் சொல்லப் போய்த் தீர்ப்பு எழுதாதீர்கள்

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்திலும், அதைச் சுற்றி வெம்பக்கோட்டை, சிவகாசி வரை விரியும் பட்டாசுக் காட்டிலும், கரு கலைந்த வீட்டுக்கு ஆள் வராமல் இருப்பதில்லை. பக்கத்து வீட்டு அத்தாச்சி கஞ்சியோடு வருவார். கோயிலிலிருந்து திருநீறு வரும். ஜெபக் கூட்டத்தார் நான்கு பேர் வந்து பாயருகே உட்காருவார்கள். துக்கத்தில் ஒருவரைத் தனியே விடாத இந்த வழக்கம் நல்ல வழக்கம். ஆனால் வந்தவர்கள் அரை மணி நேரத்துக்குள் காரணத்தையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நாம் எச்சரிக்க விரும்புவது அதைப் பற்றித்தான்.

"வண்டியில போகாதன்னு சொன்னேன்ல." "பப்பாளி எதுவும் தின்னியா தாயி?" "மூணு மாசத்துக்கு முன்னாடியே ஊருக்கெல்லாம் சொல்லிட்டாங்க, கண்ணு பட்டிருச்சு." "குலசாமிக்கு வச்ச நேர்ச்சை பாக்கி நிக்குது." "ஆண்டவர் ஒரு நோக்கத்தோடதான் எடுத்துக்கிட்டார்." "ஊனமாப் பிறக்கிறதுக்கு இது மேல்." இவற்றில் சில அதட்டலாகவும் சில கனிவாகவும் சொல்லப்படுகின்றன. பிரார்த்தனைக்குள் நுழையும்போது அவற்றுக்குத் தெய்வத்தின் குரலும் சேர்ந்துவிடுகிறது. "இவர்கள் அறியாமல் செய்த பிழையை மன்னியும்" என்று கண்மூடி வேண்டுகிறவர், அந்தப் பெண்ணின் பெயரில் குற்றப் பத்திரிகை வாசித்திருக்கிறார் என்பதை உணர்வதில்லை.

ஆலங்குளத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். அவன் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறான். அவள் வீட்டில் காகிதக் குழாய் உருட்டுகிறாள். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். நாள் தள்ளிப்போனதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து அட்டை வாங்கியாயிற்று. பதினோராவது வாரத்து ஸ்கேனில் துடிப்பு இல்லை. கரு எட்டாவது வாரத்தோடு வளர்ச்சி நின்றிருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார். அந்த மூன்று வாரமும் அவள் வாந்தியும் மயக்கமுமாக, பிள்ளை வளர்கிறது என்ற நினைப்பில் இருந்தவள். மாத்திரை கொடுத்தோ, கருப்பையைச் சுத்தம் செய்தோ அனுப்பிவிடுகிறார்கள். உதிரப்போக்கு ஒன்றிரண்டு வாரம் நீளும். வீட்டில் சிறுநீர்ச் சோதனை செய்து பார்த்தால் சில வாரங்கள் வரை 'உண்டாகியிருக்கிறாள்' என்றே காட்டும். உடம்புக்கே செய்தி முழுதாகப் போய்ச் சேராத அந்த நாட்களில்தான் பாயருகே விசாரணை நடக்கிறது.

மருத்துவம் என்ன சொல்கிறது? உறுதியாகத் தெரிந்த கருக்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து இப்படிக் கலைகின்றன என்று 2021-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு மதிப்பிட்டது. உலகம் முழுதும் ஆண்டுக்கு 2 கோடியே 30 லட்சம். முதல் மூன்று மாதத்தில் நேரும் இழப்புகளில் பாதிக்குமேல், கரு உருவாகும் வேளையிலேயே குரோமோசோம் எண்ணிக்கையில் ஏற்பட்ட பிழையால் வருபவை. அவள் வண்டியில் ஏறுவதற்கும், பழம் தின்பதற்கும், ஊருக்குச் சொல்வதற்கும் முன்பே நடந்துவிட்ட காரியம் அது.

இங்கே ஒரு கவனம் வேண்டும். பொதுவாகச் சொல்லத்தக்க இந்த உண்மையை, "உனக்கும் இதனால்தான்" என்று அவளிடம் நீட்டினால் அதுவும் இன்னொரு சுலபமான விளக்கமாகிவிடும். கலைந்த திசுவைச் சோதித்துப் பாராமல், ஒரு குறிப்பிட்ட கரு ஏன் நின்றது என்று மருத்துவராலும் சொல்ல முடியாது. சோதித்தும் பதில் கிடைக்காமல் போவதுண்டு. "நீ செய்த எதனாலும் இது வந்ததாகத் தெரியவில்லை" என்பதோடு நல்ல மருத்துவர் நிறுத்திக்கொள்கிறார். பிரார்த்திக்கிறவரும் அந்த இடத்தில் நின்றுகொண்டால் போதும்.

காரணம் சொல்வதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். லண்டன் மருத்துவமனைகளில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று, கருக்கலைவுக்கோ கருப்பைக்கு வெளியே கரு தங்கிய இழப்புக்கோ ஆளான பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. ஒரு மாதம் கழித்து அவர்களில் 29 சதவீதத்தினரிடம், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சலின் அறிகுறிகள் இருந்தன. ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதத்தினரிடம் அவை இருந்தன. இழப்பே இவ்வளவு செய்யக்கூடியது. அதன்மேல் "நீ செய்ததால்தான்" என்பதையும் ஏற்றிவிட்டால், அவள் அடுத்தமுறை உண்டாகியிருப்பதை மறைப்பாள். உதிரம் கண்டாலும் வாய் திறக்கமாட்டாள், ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுவாள். அந்தத் தாமதம் உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

இப்படிக் காரணம் சொல்ல நம் சமயங்களில் இடமிருக்கிறதா? யோபுவின் கதையை ஜெபக் கூட்டத்தார் அறிவார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவனைப் பார்க்க மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்களிடம் பிழையில்லை. பிறகு வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கினார்கள். கதையின் முடிவில் கடவுள் கோபம் கொண்டது அவர்கள்மேல்தான், புலம்பிய யோபுவின்மேல் அல்ல. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்ததாக யோவான் நற்செய்தி சொல்கிறது.

திருக்கருகாவூர் தலபுராணமும் அப்படித்தான். கருவுற்ற வேதிகை களைத்துக் கிடந்தபோது முனிவர் ஒருவர் பிச்சை கேட்டு வந்தார். உடனே எழுந்து இட முடியவில்லை. அவர் சபித்தார், கரு நலிந்தது. கர்ப்பரட்சாம்பிகை அந்தக் கருவைக் குடத்தில் வைத்துக் காத்தாள் என்பது கதை. அந்தக் கதையில் கரு பிழைத்தது, ஆலங்குளத்து வீட்டில் பிழைக்கவில்லை. ஆகவே கதையின் முடிவை எடுத்து ஆறுதலாகச் சொல்ல முடியாது. ஆனால் களைத்துக் கிடந்தவளைக் குற்றவாளி ஆக்கியவர் முனிவர்தான். ஏன் எழவில்லை என்று அம்பாள் கேட்கவில்லை. இருக்கன்குடி மாரியம்மனிடம் பிள்ளை வரம் கேட்டுப் போகிற ஊர்க்காரர்கள், அம்பாள் பக்கம் நிற்கிறோமா, முனிவர் பக்கம் நிற்கிறோமா என்று தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு மறுப்பு வரும். காரணமே கேட்கக் கூடாதென்றால் ஆலையின் ரசாயனத்தையும், வெக்கையையும், பாரம் தூக்குவதையும் யார் கேட்பது? கேட்டே ஆக வேண்டும், ஆனால் கேட்கிற இடம் வேறு. கர்ப்பிணிகள் எந்த வேலையில் நிற்கிறார்கள், எதைச் சுவாசிக்கிறார்கள் என்பது ஆலை நிர்வாகமும் தொழிற்சாலை ஆய்வாளரும் சுகாதாரத் துறையும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. கரு மறுபடியும் கலைந்தால் தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறையும் தன்மை, கருப்பையின் அமைப்பு ஆகியவற்றை மருத்துவர் பார்ப்பார். பாயில் படுத்திருப்பவளிடம் "அந்த வேலைக்கு ஏன் போனாய்" என்று கேட்பது மட்டும் எந்த ஆலையையும் திருத்தாது.

அப்படியானால் எப்படி வேண்டுவது? முதலில் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். அவளுக்கு மட்டுமல்லாமல் அவனுக்கும் சேர்த்து வேண்டுங்கள். வாசலில் நின்று வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பவனும் ஒரு தகப்பன். பாவம், சோதனை, சித்தம், கர்மம் என்ற சொற்களை வெளியே விட்டுவிடுங்கள். அடுத்த பிள்ளையை இன்றைக்கே கேட்காதீர்கள், போனது இன்னொன்றால் நிரம்பும் பாத்திரமல்ல. அவரவர் கும்பிடும் பெயரைச் சேர்த்துச் சொல்லத்தக்க வேண்டுதல் ஒன்றை இங்கே தருகிறோம்.

இறைவா, இந்த வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்துகொண்டிருந்தது. வந்து சேரவில்லை.
ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசாமல் எங்கள் நாவைக் காத்தருளும்.
இவள் உடம்பு நோகிறது. உதிரம் நிற்கும் வரை, உறக்கம் திரும்பும் வரை இவள் அருகில் இரும்.
இவன் அழ இடமில்லாமல் நிற்கிறான். இவனுக்கும் ஒரு தோள் கொடும்.
இவர்கள் உம்மேல் கோபமாக இருந்தால் அந்தக் கோபத்தையும் கேட்டுக்கொள்ளும்.
பெயர் வைக்காத அந்தப் பிள்ளையை நாங்கள் கண்டதில்லை. இவர்கள் அதை நேசித்தார்கள். அந்த நேசம் வீண் என்று யாரும் சொல்லாதிருக்கட்டும்.
இன்றைய இரவை இவர்கள் கடக்கட்டும். நாளைக் காலை நாங்கள் மறுபடி வருவோம்.

கடைசி வரியைச் சொன்னவர் மறுநாள் போயே ஆக வேண்டும். போகும்போது செய்ய வேலையும் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் என்று தொடர்ந்து நனைந்தாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தாலோ 108-ஐக் கூப்பிட வேண்டும். உறக்கமே இல்லாமல், வாழப் பிடிக்கவில்லை என்று பேசினால் 104-க்கோ 14416-க்கோ அழைத்து மனநல ஆலோசகரிடம் பேச வைக்க வேண்டும். ஆலையில் வேலை பார்க்கும் பெண்ணாக இருந்தால், கருக்கலைவுக்கு ஆறு வாரம் ஊதியத்தோடு விடுப்பு உண்டு. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தந்த அந்த உரிமையை 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் வைத்திருக்கிறது. அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். அந்தச் சான்றைக் கேட்டு வாங்கித் தருவது ஜெபக் குழுவோ மாதர் சங்கமோ செய்யத்தக்க உதவி. நம் கதையில் வருகிற பெண்ணைப் போல வீட்டிலிருந்து குழாய் உருட்டுகிறவர்களுக்கு நடைமுறையில் இந்த ஆறு வாரம் எட்டுவதில்லை. உருட்டினால்தான் கூலி. அரசு இதற்கு வழி காண வேண்டும்.

வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நடுவது தமிழ்நாட்டுக் கிராமங்களின் பழைய வழக்கம். தலைச்சுமையோடு வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கலாம். சுமை எங்கிருந்து வந்தது, ஏன் இவ்வளவு கனம் என்று அந்தக் கல் கேட்பதில்லை. செத்தவளுக்காக அப்படி ஒரு கல்லை நட்ட ஊர், உயிரோடு பாயில் கிடப்பவளிடம் கேள்வி கேட்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.